டெபாசிட் 0/3-லயே நிக்குதா? பிட்காயின், ஈத்தீரியம், டிரான் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாப்போம்

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பி.டி.எம் லேஅவுட்ல நாங்க பாத்து வச்ச வீட்டுக்கு, நைட்டு 10 மணிக்குள்ள அட்வான்ஸ்ல பாதியாவது போடுங்க, இல்லன்னா வேற பார்ட்டி இருக்குன்னு ஓனர் சொல்லிட்டாரு. பெங்களூர்ல அட்வான்ஸ்னா எத்தனை மாச வாடகைன்னு இங்க வீடு தேடினவங்களுக்கு தெரியும். என் ரூம்மேட் மதுரைக்காரன், சொந்த வாலட்ல இருந்த பிட்காயின எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி வித்துடலாம்னு 7:40-க்கு அனுப்பினான். ஒரு நிமிஷத்துல, பிளாக்செயின்ல நடக்கறத யார் வேணாலும் பாக்கற எக்ஸ்ப்ளோரர் சைட்டான mempool.space-ல தெரிஞ்சுது, அட்ரஸ் சரி, அமவுண்ட் சரி, ஆனா எக்ஸ்சேஞ்ச் ஆப்ல 0/3, அதாவது மூணு கன்ஃபர்மேஷன் வேணும், இன்னும் ஒண்ணுகூட வரல. "இங்க பாரு மச்சி, போயிருச்சுன்னு தெளிவா காட்டுது, இவங்க ஏன் இன்னும் ஏத்தல?"ன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போன நீட்டிட்டு இருந்தான்.

எக்ஸ்ப்ளோரர் சொன்னதும் உண்மை, ஆப் சொன்னதும் உண்மை. அனுப்பினதும் டிரான்ஸாக்ஷன் மெம்பூல்னு ஒரு காத்திருப்பு இடத்துக்கு போகும், அத எக்ஸ்ப்ளோரர் உடனே காட்டிடும், ஆனா டிரான்ஸாக்ஷன்கள மொத்தமா பதியற பக்கம் மாதிரியான பிளாக் எதுலயும் இன்னும் ஏறல, அதனால கன்ஃபர்மேஷன் 0. இந்த நிலைமையில அனுப்பினவரே அதிக ஃபீ வச்சு வேற டிரான்ஸாக்ஷன் போட்டு இத மாத்திட முடியும், அதனாலதான் எக்ஸ்சேஞ்ச் இத காசா எடுத்துக்காது. பிளாக்ல ஏறினா அந்த பிளாக்கே 1, அதுக்கு மேல வர்ற ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒண்ணு கூடும்.

அன்னைக்கு நடந்தது இது. முதல் பிளாக் 8:14-க்கு வந்துச்சு, நம்பரோட கடைசி மூணு இலக்கம் 412. அடுத்தது 8:18, அதுக்கடுத்தது 8:39, அது 414. கணக்கு 414 − 412 + 1 = 3. மொத்தம் 59 நிமிஷம் ஆச்சு, அதுல முதல் பிளாக்குக்கு மட்டும் 34 நிமிஷம்.

பிட்காயின் பிளாக் சராசரி 10 நிமிஷம்னு எல்லாரும் சொல்லுவாங்க, அந்த "சராசரி"ங்கற வார்த்தைலதான் பிரச்சனையே இருக்கு. பிளாக் வர்றது முழுக்க தற்செயல், 20 நிமிஷம் காத்துட்டோம் இனிமே சீக்கிரம் வந்துடும்னு நினைச்சா அப்படி கிடையாது, அந்த நிமிஷத்துல இருந்தும் இன்னும் சராசரி 10 நிமிஷம்தான். 30 நிமிஷத்துக்கு மேல இடைவெளி வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட 5%, ஒரு நாளைக்கு 144 பிளாக்னா தினமும் ஏழு தடவை இது நடக்கும். உங்க கேஸ் இதுவா இல்ல ஃபீ கம்மியான்னு கண்டுபிடிக்க ஒரே ஒரு விஷயம் பாருங்க: நீங்க அனுப்பினதுக்கு அப்புறம் புது பிளாக் வந்துச்சா? வந்தும் உங்கள விட்டுட்டு போயிருந்தா ஃபீ பத்தல, வாலட்ல ஃபீ ஏத்துற வசதி இருந்தா ஏத்துங்க (டிரான்ஸாக்ஷனோட அடையாள நம்பரான TXID மாறிடும், புதுச குறிச்சு வச்சுக்கோங்க). பிளாக்கே வரலன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. எங்களுக்கு ரெண்டாவதுதான்.

சரி, ஏன் 3? இது பிட்காயின் விதி இல்ல, அந்த எக்ஸ்சேஞ்ச் எடுத்த முடிவு. இன்னொரு இடத்துல 1 போதும்னு இருக்கும், இன்னொருத்தர் 6 கேப்பாங்க. 2008-ல வந்த பிட்காயின் வெள்ளை அறிக்கைலயே இதுக்கு டேபிள் இருக்கு: நெட்வொர்க்கோட கம்ப்யூட்டர் பவர்ல 10% கையில வச்சிருக்க ஒருத்தன் பழைய பிளாக்க புரட்டிப் போடுற வாய்ப்பு 0.1%-க்கு கீழ போகணும்னா 5 பிளாக் வேணும், அவன்கிட்ட 30% இருந்தா 24 வேணும். 2013 மார்ச்ல தாக்குதல் எதுவும் இல்லாம, சாஃப்ட்வேர் வெர்ஷன் மோதல்லயே செயின் ரெண்டா பிரிஞ்சு 24 பிளாக் கழண்டு போச்சு. அதனால எக்ஸ்ப்ளோரர் "பிளாக்ல இருக்கா"ன்னு பாக்குது, எக்ஸ்சேஞ்ச் "வெளிய வந்துடுமா"ன்னு பாக்குது.

இப்ப ஈத்தீரியம். இங்க 12 செகண்டுக்கு ஒரு பிளாக், அதனால எக்ஸ்சேஞ்ச் 12 கேட்டாலும் ரெண்டரை நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும், 64 கேட்டா சுமார் 13 நிமிஷம். ஏன் 64ன்னா, 32 பிளாக் ஒரு எபோக், ரெண்டு எபோக் தாண்டினா வேலிடேட்டர்கள் வோட்டு போட்டு அது இறுதியாயிடும், ஈத்தீரியம் எக்ஸ்ப்ளோரரான Etherscan-ல Finalized-னு காட்டும். அதுக்கு முன்னாடியே Success-னு பச்சையா வந்துடும், அத பாத்துட்டுதான் நிறைய பேர் சண்டைக்கு போறாங்க. Success-னா பிளாக்ல ஏறி பிழையில்லாம ஓடிச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். 2023 மே 11, 12 ரெண்டு நாளும் பிளாக் வந்துட்டே இருந்துச்சு ஆனா கொஞ்ச நேரம் எதுவும் இறுதியாகல, அந்த மாதிரி நேரத்துல எக்ஸ்சேஞ்ச் நிறுத்தி வச்சா எனக்கு அது சரியாதான் படுது.

டிரான்ல 3 செகண்டுக்கு ஒரு பிளாக். தேர்ந்தெடுத்த 27 பேர் மாத்தி மாத்தி பிளாக் போடுவாங்க, அதுல 19 பேர் மேல மேல கட்டிட்டா உறுதி, கிட்டத்தட்ட ஒரு நிமிஷம். 19-ங்கற நம்பர பாத்துட்டு பிட்காயினோட 3-ஐ விட ஸ்ட்ராங்குன்னு நினைக்கக் கூடாது, ஒண்ணு மின்சாரம் எரிச்சு கட்டுறது, இன்னொண்ணு 27 பேர நம்புறது, ரெண்டு நம்பரும் வேற வேற அளவுகோல். ஈத்தீரியத்துல இருந்து பிரிஞ்சு தனியா ஓடுற ஈத்தீரியம் கிளாசிக் இதுக்கு நல்ல உதாரணம். 2020 ஆகஸ்ட்ல மட்டும் மூணு தடவை ஆயிரக்கணக்கான பிளாக்க புரட்டிப் போட்டாங்க, அதுக்கப்புறம் பல எக்ஸ்சேஞ்ச் கன்ஃபர்மேஷன ஆயிரக்கணக்குல ஏத்திட்டாங்க. செயின் பாதுகாப்பு எவ்ளோ மலிவோ அவ்ளோ நேரம் நீங்க காக்கணும்.

அப்ப எது? கையில ஏற்கனவே டாலர் மதிப்ப ஒட்டி நிக்கற யுஎஸ்டிடி காயின் இருந்து அவசரம்னா நான் டிரான்தான் சொல்லுவேன், ஃபீக்கு வாலட்ல கொஞ்சம் டிரான் காயின் இருக்கணும், இல்லன்னா அனுப்பவே விடாது. ஆனா வேகத்துக்காக பிட்காயின யுஎஸ்டிடியா மாத்திட்டு அனுப்பலாம்னு யோசிக்காதீங்க, நம்ம நாட்டுல அந்த மாத்துறதே ஒரு விற்பனை, லாபம் இருந்தா 30% வரி அங்கயே விழுந்துடும். ரூம்மேட்டுக்கு பிட்காயின்தான் சரியான வழி, மதியமே அனுப்பியிருக்கணும், அவ்ளோதான். 8:41-க்கு கிரெடிட் ஆச்சு, வித்து, பேங்குக்கு வந்து, ஓனருக்கு போய் சேரும்போது 9:25.

ஈத்தீரியத்துல மட்டும் வர்ற ஒரு ஆபத்தையும் சொல்லிடறேன். 0x-ல ஆரம்பிக்கற அதே அட்ரஸ் பாலிகான்லயும் பிஎன்பி செயின்லயும் செல்லும். எக்ஸ்சேஞ்ச்ல ஈத்தீரியம்னு எடுத்து வாலட்ல பாலிகான்ல அனுப்பிட்டா, பாலிகான் எக்ஸ்ப்ளோரர்ல எல்லாம் பச்சை, கன்ஃபர்மேஷன் ஆயிரத்த தாண்டும், ஆனா எக்ஸ்சேஞ்ச் ஆப்ல அந்த டெபாசிட்டே இருக்காது. 0/3-னாவது காட்டினா அவங்க பாத்துட்டாங்கன்னு அர்த்தம், காத்திருக்கலாம். எதுவுமே காட்டலன்னா முதல்ல நெட்வொர்க்க பாருங்க. கேட்ட எண்ணிக்கை முடிஞ்சு அரை மணி நேரம் ஆகியும் ஏறலன்னா, அப்பதான் டிக்கெட் போடணும்: TXID, காயின், நெட்வொர்க், அமவுண்ட், அனுப்பின நேரம் இவ்ளோ போதும். வாலட்டோட ரகசிய சாவி வார்த்தைகளான சீட் ஃப்ரேஸ் கேட்டு யாராவது வந்தா அது எக்ஸ்சேஞ்ச் ஆளே கிடையாது.