வாக்கியத்தின் வாலை விழுங்கும் இரைச்சல் நீக்கம்: மூன்று பருவப் பயன்பாட்டுக்குப் பின்

மாலைநேரப் பொறியியல் வகுப்பில் இந்த ஆண்டு சேரவிருக்கும் தம்பி ஒருவர், விரிவுரையைக் கைப்பேசியில் பதிவுசெய்து குறிப்பாக மாற்றிக்கொள்ளும் முறை உண்மையிலேயே பயன்படுகிறதா என்று கேட்டார். மூன்று பருவங்களாக வாரத்துக்கு இரண்டு வகுப்பாவது அப்படித்தான் குறிப்பெடுக்கிறேன். பயன்படுகிறது என்று சொல்ல வாயெடுத்தபோதே கான்கிரீட் தொழில்நுட்ப வகுப்பின் நினைவு வந்து தடுத்துவிட்டது. அவருக்கு நேரில் சொல்லத் தொடங்கியது நீண்டுவிட்டதால் எழுதியே வைக்கிறேன்.

எங்கள் வகுப்பறை திரைச்சீலை இல்லாத நீண்ட கூடம். ஆறு மின்விசிறிகள் முழு வேகத்தில் ஓடும். வேலை முடிந்து தாமதமாக வருகிறவன் என்பதால் எனக்குக் கிடைப்பது நான்காம் வரிசைதான். பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்து இரைச்சலைக் குறைத்து, துண்டுகளாகப் பிரித்து, மடிக்கணினியிலேயே இயங்கும் ஓர் இலவச எழுத்தாக்க மென்பொருளுக்குக் கொடுப்பது என் வழக்கம். முதல் பருவத்தில் இரைச்சல் குறைப்பை ஆடாசிட்டி முன்கூட்டி வைத்திருக்கும் அளவிலிருந்து 24 டெசிபெல்லுக்கு ஏற்றினேன். விசிறிச் சத்தம் அடியோடு மறைந்தது. ஆசிரியர் என் அறையில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்ததில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமையில்தான் ஏமாந்தேன். கலவை இறுகி, அதன் இளக்க அளவான ஸ்லம்ப் குறைந்துவிட்டால் தளத்தில் தண்ணீர் சேர்ப்பதைப் பற்றி ஆசிரியர் அன்று பேசினார். எழுத்தாக்கத்தில் வந்த வரி: ‘ஸ்லம்ப் குறைந்துவிட்டது என்று தளத்தில் தண்ணீர் சேர்க்கலாம்.’ எழுத்துப் பிழையோ இலக்கணப் பிழையோ இல்லாத வாக்கியம். நான் பகலில் கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கிறவன். கூடுதல் தண்ணீர் கான்கிரீட்டின் வலிமையைக் குறைக்கும் என்பது தெரிந்ததால்தான் சந்தேகம் வந்தது. மூலப் பதிவை ஹெட்போன் அணிந்து கேட்டேன். விசிறி இரைச்சலுக்கு அடியில் ‘சேர்க்கக் கூடாது’ என்பது மெலிதாக, ஆனால் ஐயமின்றிக் கேட்டது. சுத்தம் செய்த பதிவில் ‘சேர்க்க’ வரைதான் இருந்தது. மீதியை மென்பொருள் தானே இட்டு நிரப்பியிருக்கிறது.

இது தற்செயல் இல்லை. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. ‘ஆகும், ஆகாது’, ‘வேண்டும், வேண்டாம்’ என்று உடன்பாடும் எதிர்மறையும் அந்த வினையின் விகுதியில்தான் பிரிகின்றன. பேசுகிறவரின் குரலோ வாக்கியம் முடியும்போது இயல்பாகவே தாழ்கிறது. ஆசிரியர் அதே நேரத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் இன்னும் தாழ்கிறது. இரைச்சல் நீக்கம் செய்வது, விசிறி மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை மாதிரியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அலைவெண் பட்டையிலும் அந்த அளவை ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பதை எல்லாம் அடக்குவது. ஆக, வாக்கியத்தில் எது மிக மெலிதோ அதையே அது முதலில் பலிகொடுக்கிறது. நம் மொழி தன் ‘இல்லை’யை வைத்திருப்பதும் அங்கேதான். எண் பிழைகள் இந்த அளவுக்கு என்னைப் படுத்தியதில்லை. நீராற்றும் நாட்கள் தவறாக வந்தால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456ஐப் புரட்டி, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள் என்று திருத்திக்கொள்ளலாம். தலைகீழாகிவிட்ட அறிவுரையைத் தேட எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

இப்போது குறைப்பை 6 டெசிபெல்லுக்கு மேல் ஏற்றுவதில்லை. அளவு மிஞ்சுகிறதா என்று கண்டுபிடிக்க ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்புச் சாளரத்திலேயே வழி இருந்தும் ஒரு பருவம் முழுக்க நான் அதைக் கவனிக்கவில்லை. Residue என்ற தெரிவை அழுத்தி முன்னோட்டம் கேட்டால், நீக்கப்படப் போகும் ஒலி மட்டும் கேட்கும். அதில் விசிறி மட்டும் இருந்தால் சரி. பேச்சின் முனகல் கலந்திருந்தால், தூக்கி எறிவது இரைச்சலை மட்டுமல்ல. இரைச்சலைக் குறைக்கும் முன்பே, ffmpeg என்ற கட்டளைவரிக் கருவியால் தாழ்ந்த உறுமலை வெட்டி, ஒரே தடமாக மாற்றிவிடுகிறேன்.

```
ffmpeg -i vaguppu.m4a -ac 1 -ar 16000 -af highpass=f=90 vaguppu.wav
```

மேசை அதிர்வால் வரும் உறுமலில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். கைப்பேசிக்கு அடியில் மடித்த கைக்குட்டை வைத்தால் அது பதிவாவதே குறையும். கூடத்தின் எதிரொலிக்கு மட்டும் இந்த முறையில் மருந்தில்லை. விசிறி ஒரே சீராக ஓடுவதால் அதற்கு மாதிரி எடுக்க முடிகிறது. எதிரொலி ஆசிரியரின் குரலே சற்றுத் தாமதித்து மீண்டும் வருவது. அதை எதிலிருந்து கழிப்பது?

இந்த முறையில் நான் மனமாரப் பாராட்டும் பகுதி துண்டாக்குவதுதான். 90 நிமிட வகுப்பை முழுதாகக் கொடுத்த நாட்களில், ஆசிரியர் பலகையில் படம் வரைந்த இரண்டு நிமிட அமைதிக்குள் மென்பொருள் எங்கிருந்தோ ஒரு வாக்கியத்தைப் பிடித்து ஒன்பது முறை திரும்பத் திரும்ப எழுதியது. அதன் பிறகு பேச்சு தொடங்கியும் அதே தடத்தில் தடுமாறியது. முன்னே எழுதியதையே துணையாகக் கொண்டு மேலே எழுதுவதால் ஒரு தவறு அடுத்ததைப் பெற்றுக்கொண்டே போகிறது. இப்போது ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் முந்தைய துண்டின் கடைசிப் பத்து நொடியிலிருந்து தொடங்குகிறேன்.

```
ffmpeg -ss 290 -t 310 -i vaguppu.wav pagudhi02.wav
```

இந்தப் பத்து நொடி இருமுறை எழுதப்படுவதால் வெட்டுப்பட்ட வாக்கியம் ஏதேனும் ஒரு துண்டில் முழுதாகக் கிடைக்கும். இரண்டு எழுத்தாக்கங்களும் அந்த இடத்தில் வேறுபட்டால், அங்கே ஒலி தெளிவில்லை என்பதும் தெரிந்துவிடும். நீண்ட அமைதி இருக்கும் இடங்களை முன்கூட்டியே வெட்டிவிடுவேன். ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் மீண்டும் ஓட்டினால் போதும். ஐந்து நிமிடத்தைக் கேட்டுத் திருத்திவிட்டு எழுந்து தேநீர் குடிக்கலாம் என்பது, பகல் முழுக்க வெயிலில் நின்றவனுக்குச் சிறிய வசதி அல்ல.

மொத்தக் கணக்கு இனிமையானதல்ல. 18 துண்டு, துண்டுக்குப் பத்து நிமிடத் திருத்தம், ஆக ஒன்றரை மணி நேர வகுப்புக்கு மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் பாடம் மனத்தில் பதிந்துவிடுகிறது என்பது உண்மை. எழுத்தாக்கம் ஒழுங்காக வந்திருந்தால் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கவே மாட்டேன் என்பதும் உண்மை. ஆகவே நல்ல முறை என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தம்பியிடம், முதல் வரிசையில் இடம் கிடைக்குமானால் இது எதுவும் வேண்டாம், நோட்டுப் புத்தகம் போதும் என்றுதான் சொன்னேன். அன்று இரவுதான் 14ஆம் துண்டில் இன்னொரு ‘கூடாது’ காணாமல் போயிருந்தது.

இப்போது வகுப்பில் நான் கையால் எழுதுவது ஒன்றே ஒன்று. ஆசிரியர் எதிர்மறையாக எதையாவது முடிக்கும்போதெல்லாம், பதிவில் ஓடும் நேரத்தைப் பார்த்து ஓரத்தில் குறித்து, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுகிறேன். நேற்றைய வகுப்பில் பதினொரு குறிகள். எழுத்தாக்கத்தில் அவற்றுள் ஒன்பது சரியாக வந்திருந்தன. மீதி இரண்டும் ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தவை.