36, 149, 100: எந்த வைஃபை சேனல் யாருக்கு?

கோவை பீளமேட்டில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அலசிப் பார்த்தால், பெரும்பாலான ரவுட்டர்கள் 36 முதல் 48 வரையிலும், 149 முதல் 161 வரையிலும் உள்ள சேனல்களில் நெருக்கியடித்து நிற்பதைக் காணலாம். 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயக்கும்போது இவ்விரு தொகுதிகளும் தலா ஒரே சேனலாகிவிடுவதால், அக்கம்பக்கத்து வீடுகள் அனைத்தும் இரண்டே பாதைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இவற்றுக்கு இடையே, 52 முதல் 144 வரை, அதே அகலத்தில் மேலும் நான்கு பாதைகள் பெரும்பாலும் ஆளின்றிக் கிடக்கின்றன.

அவை ரேடார்களுக்கு முன்னுரிமை உள்ள இடம். அங்கே செல்லும் ரவுட்டர் டிஎஃப்எஸ் விதிப்படி முதலில் 60 விநாடிகள் வாய்மூடிக் காதுகொடுக்க வேண்டும்; ரேடார் துடிப்பு கேட்டால் பத்து விநாடிகளுக்குள் விலகி, அடுத்த 30 நிமிடங்களுக்கு அங்கே திரும்பக் கூடாது.

36, 149 ஆகிய இரண்டில் எது உங்கள் வீட்டில் நெரிசல் குறைந்ததோ அதைத் தேர்ந்தால் போதும். வேறு பெரிய வேறுபாடு இல்லை. உண்மையான போட்டி இவற்றுக்கும் ரேடார் பகுதியிலுள்ள 100க்கும் இடையேதான். மாலையில் எல்லா வீட்டிலும் வீடியோ ஓடும் நேரத்தில், 100இல் இருப்பவருக்குத் தமது ரவுட்டரின் முழு வேகமும் கிடைக்கும். ஆனால் அலுவலகக் கூட்டம் ஒன்றின் நடுவே இணைப்பு திடீரென அறுபடவும் கூடும்.

அந்த அறுபடல் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதே கவனிக்க வேண்டியது. ரேடாரைக் கண்ட ரவுட்டர் ‘இந்தச் சேனலுக்கு மாறுகிறேன்’ என்று கருவிகளுக்கு அறிவிக்கும். அது 36க்குச் சென்றால், அறிவிப்பைப் புரிந்துகொள்ளும் கைபேசி நொடிப்பொழுதில் பின்தொடரும். 52க்குச் சென்றாலோ, அங்கும் 60 விநாடி காதுகொடுக்க வேண்டியிருப்பதால், வீடே ஒரு நிமிடம் இணைப்பை இழக்கும். அரைமணி கழித்து ரவுட்டர் பழைய சேனலுக்குத் திரும்பும் வகையாக இருந்தால், இரண்டாம் முறையும் அறுபடலாம்.

காரணம் ரேடார்தானா என்பதை ஓபன்டபிள்யுஆர்டி மென்பொருள் இயங்கும் ரவுட்டரில் இவ்வாறு அறியலாம்:

```
logread | grep DFS
```

`DFS-RADAR-DETECTED freq=5500` என்ற வரி, அழைப்பு அறுந்த நேரத்துடன் பொருந்தினால், ரேடார் என்று எண்ணியே ரவுட்டர் விலகியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் விமான நிலையம் அருகில் இருப்பதாலேயே இது நேர்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். விமானங்களின் மூக்கிலுள்ள வானிலை ரேடார் ஒன்பது கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்குகிறது. தரையிலுள்ள சில வானிலை ரேடார்கள்தான் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 120 முதல் 128 வரையிலான சேனல்களில், ஒலிக்கின்றன. அருகிலுள்ள வேறொரு கருவியின் இரைச்சலை ரேடார் என்று ரவுட்டர் தவறாக எண்ணுவதும் உண்டு.

அந்தப் பதிவு வரி என்றோ ஒருமுறை மட்டும் வந்தால் 100இலேயே இருக்கலாம் என்பது என் கருத்து; மாற்றுச் சேனலாக 36ஐக் குறிக்க ரவுட்டர் இடம் தந்தால் அதையும் செய்யுங்கள். நாள்தோறும் வந்தால், வீட்டிலிருந்து வேலை செய்பவர் நெரிசலைப் பொறுத்துக்கொண்டு 36க்கோ 149க்கோ செல்வதே மேல். 100க்கு மாறியதும் பழைய தொலைக்காட்சிக்கு வைஃபை பெயரே தெரியவில்லையென்றால், அது டிஎஃப்எஸ் சேனல்களை அறியாத கருவியாக இருக்கலாம், அதனை 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைத்துவிடலாம்.