கூற்றும் காரணமும்: சேர்த்துப் படிப்பதா, பிரித்துப் படிப்பதா?

சட்டப் பாடத்தில் கூற்று–காரணம் வகைக் கேள்விகளை எப்படி அணுகுவது என்பதில் எங்கள் பக்கம் இரண்டு கட்சிகள் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் மாலை நேரத்தில் கூடிப் படிப்பவர்களிடம் கேட்டால் பாதிப்பேர் இரண்டு வாக்கியங்களையும் ‘ஏனென்றால்’ என்ற சொல்லால் ஒட்டி ஒரே மூச்சில் படிப்பவர்கள். மீதிப்பேர் காரணத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கூற்றை மட்டும் தீர்த்துவிட்டு, பிறகு கூற்றை மறைத்துக் காரணத்தைத் தீர்ப்பவர்கள். இரண்டையும் பழகிப் பார்த்துவிட்டு நான் பிரிக்கிறவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டேன். ஆகவே இது நடுநிலையான அலசல் அல்ல.

விடைகளின் அமைப்பு தெரிந்ததுதான். இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது. இரண்டும் சரி, ஆனால் விளக்கவில்லை. கூற்று சரி, காரணம் தவறு. கூற்று தவறு, காரணம் சரி. சில தாள்களில் இந்த வரிசை மாறும் என்பதால் விடைகளைப் படிக்காமல் எழுத்தைக் குறிக்கக்கூடாது. அதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை.

சேர்த்துப் படிக்கும் முறைக்கு எங்களிடையே பெரிய வக்கீல், ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் ஓர் அண்ணன். “தம்பி, நீதிமன்றத்தில் யாராவது வாதத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கேட்பார்களா? முழுதாகக் காதில் விழும்போதே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்” என்பார். வருடக்கணக்காக வாதம் கேட்டுப் பழகிய காதுக்கு அது தெரியலாம். பிரிவுகளை இப்போதுதான் மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அந்தக் காது இன்னும் வாய்த்திருக்காது.

அவரிடம் நான் நீட்டிய கேள்வி இது. கூற்று: தண்டையார்பேட்டை மளிகைக்கடைக்காரர் ஒருவர், பெற்றோரை இழந்த பதினாறு வயதுப் பையனுக்கு அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்தார், அந்தத் தொகையை அவர் சட்டப்படி எந்த வழியிலும் பெற முடியாது. காரணம்: மைனர் செய்துகொள்ளும் உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாதது.

ஒட்டிப் படித்துப் பாருங்கள். பணத்தைப் பெற முடியாது, ஏனென்றால் மைனரின் உடன்பாடு செல்லாது. எவ்வளவு வழவழப்பாக இறங்குகிறது! காரணம் உண்மை என்பதும் எல்லாருக்கும் தெரியும். மோஹோரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் 1903-இல், அன்றைய இந்தியாவுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது அதுதான். மைனராக இருக்கும்போதே ஒருவர் தன் சொத்தை இருபதாயிரம் ரூபாய்க் கடனுக்கு அடமானம் எழுதிக் கொடுத்தார்; அந்த அடமானம் செல்லாது என்று தீர்ப்பானது. காரணத்தின் உண்மை, ‘ஏனென்றால்’ என்ற சொல்லின் மேலேறிக் கூற்றுக்கும் பரவிவிடுகிறது. கை தானாக முதல் விடைக்குப் போகும்.

இப்போது காரணத்தை மறைத்துவிட்டுக் கூற்றைத் தனியாகப் பாருங்கள். அரிசி, பருப்பு என்பவை வாழ்க்கைக்கு இன்றியமையாத பொருட்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 68-ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்யத் தகுதியற்ற ஒருவருக்கு அவருடைய வாழ்க்கைநிலைக்கு ஏற்ற அத்தியாவசியப் பொருட்களை வழங்கியவர், அந்த நபரின் சொத்திலிருந்து ஈட்டுத்தொகை பெறலாம் என்கிறது. பையனை நேரடியாகப் பொறுப்பாக்க முடியாது. அவனுக்குச் சொத்து இருந்தால் அதிலிருந்து பெறலாம். ஆகவே ‘எந்த வழியிலும்’ என்ற சொற்களோடு கூற்று விழுந்துவிட்டது. கூற்று தவறு, காரணம் சரி. கூற்று தவறானதும் இணைப்பைப் பற்றிய கேள்வியே எழுவதில்லை. நான்கில் மூன்று விடைகள் அப்போதே போய்விடுகின்றன.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘எந்த வழியிலும் பெற முடியாது’ என்பதை ‘பையனைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கிப் பெற முடியாது’ என்று மாற்றினால் கூற்று சரியாகிவிடும், காரணமும் அதை விளக்கும், விடை நான்காவதிலிருந்து முதலாவதுக்குத் தாவிவிடும். காரண வாக்கியம் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒட்டிப் படித்தால் இரண்டு வடிவங்களும் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. பிரித்துப் படிப்பவர் மட்டும்தான் ‘எந்த வழியிலும்’, ‘மட்டுமே’, ‘எப்போதும்’ போன்ற சொற்களிடம் நின்று, பக்கத்துப் பிரிவில் விதிவிலக்கு இருக்கிறதா என்று தேடுவார். வக்கீல் அண்ணன் கேள்வியைக் கேட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “அறுபத்தெட்டை நீ வேண்டுமென்றே ஒளித்து வைத்திருக்கிறாய்” என்றார். கேள்வி எழுதுபவர்களின் வேலையே அதுதான், அண்ணா.

ஆனால் உண்மை, பொய் தீர்ப்பது பாதி வேலைதான். இரண்டும் சரி என்று ஆனபிறகு முதல் விடையா இரண்டாவதா என்பதில்தான் நன்றாகப் படித்தவர்களும் மதிப்பெண்ணை விடுகிறார்கள். எந்த முறை நல்லது என்பதை நான் இந்த ஓர் இடத்தை வைத்தே முடிவு செய்தேன்.

கூற்று ஒன்றுதான்: மைனர் செய்த உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாது. அதற்கு மூன்று காரணங்களை மாற்றி மாற்றிக் கொடுப்போம். முதலாவது, ஒப்பந்தம் செய்யும் தகுதிக்குச் சட்டப்படியான வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. இது விளக்கம்தான், தகுதி இல்லாதவரின் உடன்பாடு ஒப்பந்தமாக ஆவதில்லை. இரண்டாவது, வற்புறுத்தலால் பெற்ற சம்மதத்தில் பிறந்த ஒப்பந்தத்தை, சம்மதித்தவர் விரும்பினால் ரத்து செய்யலாம் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. உண்மை, ஆனால் வேறு சங்கதி. இதில் யாரும் ஏமாறுவதில்லை. மூன்றாவது, மைனர் பதினெட்டு வயதானபின் அந்த உடன்பாட்டைப் பின்னேற்பு செய்து உயிர்ப்பிக்க முடியாது.

இந்த மூன்றாவதுதான் வில்லங்கம். உண்மையான சட்டம், அதே மைனர், அதே உடன்பாடு. ‘செல்லாது, ஏனென்றால் பின்னால் ஏற்கவும் முடியாது’ என்று சேர்த்துப் படித்தால் இடறல் இல்லை. பெரும்பாலானவர்கள் முதல் விடையைக் குறித்துவிடுவார்கள். சரியான விடை இரண்டாவது.

அதைக் கண்டுபிடிக்க நான் செய்வது, ‘ஏனென்றால்’ என்ற சொல்லை இரண்டு திசையிலும் ஓட்டிப் பார்ப்பது. பின்னேற்பு செய்ய முடியாது, ஏனென்றால் உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாது. இந்தத் திசைதான் இயல்பாக ஓடுகிறது. பிறக்கவே இல்லாத ஒன்றைப் பின்னால் வந்து ஏற்க என்ன இருக்கிறது? ஆக, பின்னேற்பு இல்லாமை இங்கே விளைவு. காரணத்தின் இடத்தில் விளைவைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். 11-ஆம் பிரிவை வைத்து அதேபோலத் திருப்பிப் பார்த்தால், ‘வயது நிரம்பியிருக்க வேண்டும், ஏனென்றால் மைனரின் உடன்பாடு செல்லாது’ என்று நொண்டும். அங்கே முதல் திசைதான் வலுவானது. ஆக, ‘ஏனென்றால்’ என்ற சொல் தேவைதான். ஆனால் இரண்டின் உண்மையும் தனித்தனியே தீர்ந்தபிறகு, கடைசியில், இரண்டு திசையிலும். சேர்த்துப் படிப்பவர்கள் அதை முதலிலேயே, ஒரு திசையில் மட்டும் செலவழித்துவிடுகிறார்கள்.

அரசியலமைப்புக் கேள்விகளில் திருப்பிப் பார்ப்பது சில நேரம் கைகொடுக்காது. அங்கே காரணத்தை எடுத்துவிட்டுப் பார்ப்பது உதவுகிறது. கூற்று: சொத்துரிமை இப்போது அடிப்படை உரிமை அல்ல. காரணம்: சட்டத்தின் அதிகாரத்தால் அன்றி எவருடைய சொத்தும் பறிக்கப்படக்கூடாது என்று சட்டப்பிரிவு 300-அ சொல்கிறது. இரண்டும் சரி. இரண்டும் 1978-இன் 44-ஆவது திருத்தத்தோடு தொடர்புடையவை. திருப்பிப் பார்த்தால் இரு திசையும் ஏதோ ஒரு மாதிரி ஒலிக்கும். இப்போது 300-அ சேர்க்கப்படவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சொத்துரிமை அடிப்படை உரிமையாகத் திரும்பி வந்துவிடுமா? வராது. அடிப்படை உரிமைகளைச் சொல்லும் மூன்றாம் பகுதியில் 19, 31 ஆகியவற்றிலிருந்து அதை நீக்கியதால்தான் அந்தத் தகுதி போனது. எடுத்துவிட்ட பிறகும் கூற்று அசையாமல் நிற்கிறது என்றால், அந்தக் காரணம் அதைத் தாங்கிக்கொண்டிருக்கவில்லை. விடை இரண்டாவது. காரணமாக அந்த நீக்கத்தையே கொடுத்திருந்தால் முதலாவது.

சேர்த்துப் படிக்கும் முறைக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். அது வேகமானது; தாளின் கடைசிப் பகுதியில் நேரம் இறுகும்போது அந்த வேகத்துக்கு விலை உண்டு. சில கேள்விகளில் காரணம் ‘அத்தகைய உடன்பாட்டில்’ என்றோ ‘அந்தத் திருத்தம்’ என்றோ தொடங்கும். அங்கே கூற்றை மறைத்தால் எந்த உடன்பாடு, எந்தத் திருத்தம் என்றே தெரியாது. படித்து, சுட்டுச் சொல்லுக்குரிய பெயரை மனத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் பிரிக்க முடியும். பிரிப்பவர்களுக்கு வரும் ஒரு நோயும் உண்டு: இரண்டும் சரி என்று கண்டுபிடித்த மகிழ்ச்சியில், இணைப்பைக் கேட்காமலேயே முதல் விடையைக் குறித்துவிடுவது. அதற்காக நான் வினாத்தாளின் ஓரத்தில் கூற்றுக்கு ஒரு குறி, காரணத்துக்கு ஒரு குறி, இணைப்புக்கு ஒரு குறி என்று மூன்றையும் போடாமல் விடைக்குப் போவதில்லை.

என் பழக்கம் பெரும்பாலும் தேர்வாணையத் தாள்களிலும் ஒப்பந்தம், அரசியலமைப்பு, குற்றவியல் பாடங்களிலும்தான். சட்டவியல் கோட்பாடு வரும் உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வுக் கேள்விகளில் நான் இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். சர்வதேசச் சட்டத்தை சட்டவியல் அறிஞர் ஆஸ்டின் முறையான சட்டமாக ஏற்கவில்லை என்பது கூற்று. சட்டம் என்பது இறையாண்மை உள்ளவரின் ஆணை என்பது காரணம். காரண வாக்கியத்தில் ‘ஆஸ்டின் கருத்துப்படி’ என்ற சொற்கள் இருந்தால் அது உண்மை, கூற்றையும் விளக்குகிறது. அந்தச் சொற்கள் இல்லாமல் மொட்டையாக நின்றால் அதை உண்மை என்பதா? ஆஸ்டினின் இந்தக் கருத்தை மறுத்த ஹார்ட்டைப் படித்த யாரும் சும்மா விடமாட்டார்கள். காரணத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் என் முறை இங்கே பொய் என்று சொல்லத் தூண்டும். கூற்றோடு சேர்த்துப் படித்தால் ஆஸ்டின் பெயரால் அது உண்மையாகும். இந்த மாதிரிக் கேள்வியில் நான் அண்ணன் சொல்வதைக் கேட்டுச் சேர்த்துப் படித்துவிடுகிறேன்.