கேப்சர் கார்டு: ஸ்ப்ளிட்டர் போதுமா, பாஸ்த்ரூ வேண்டுமா?

கன்சோலில் ஆடுவதை லேப்டாப்பில் பதிவு செய்யவும் ஸ்ட்ரீம் செய்யவும் உதவுவது கேப்சர் கார்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று பென் டிரைவ் அளவு. ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் யூஎஸ்பி. மற்றது சின்னப் பெட்டி. அதில் டிவிக்குப் போக இன்னொரு எச்டிஎம்ஐ துளையும் இருக்கும். அந்த வழிதான் பாஸ்த்ரூ. விலையும் அதற்கேற்ப ஏறும்.

சின்னதை மட்டும் வாங்கினால் டிவிக்குப் படம் போகாது. லேப்டாப்பில் ஓபிஎஸ் என்ற ஸ்ட்ரீமிங் மென்பொருள் காட்டும் படத்தைப் பார்த்து ஆடலாம்தான், ஆனால் பட்டனை அழுத்திச் சற்றுப் பிந்தித்தான் ஆள் குதிப்பான். சண்டை விளையாட்டுக்கு இது ஆகவே ஆகாது. அதனால் பலரும் கன்சோலுக்கு அடுத்து ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு, ஒரு வயரை டிவிக்கும் மற்றதைக் கார்டுக்கும் கொடுக்கிறார்கள்.

பழைய நின்டென்டோ ஸ்விட்ச் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு இதுவே போதும் என்பேன். அது டிவிக்குத் தருவதே அதிகபட்சம் 1080பி என்பதால் இழக்க ஒன்றுமில்லை.

பிஎஸ்5 விஷயம் வேறு. வேளச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் 4கே டிவி, பிஎஸ்5, ஸ்ப்ளிட்டர், சின்ன கார்டு. ஸ்ட்ரீம் நன்றாகவே போனது, ஆனால் டிவியில் படம் மங்கல். கன்சோலின் Video Output Information பக்கத்தைத் திறந்தால் 1920 x 1080 என்றிருந்தது. எச்டிஎம்ஐ-யில் ஒவ்வொரு கருவியும் தன்னால் என்ன முடியும் என்று கன்சோலுக்குச் சொல்லும். இரண்டு கருவிகள் இருந்தால் சாதாரண ஸ்ப்ளிட்டர் பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்துவதையே சொல்லும். கார்டு 1080பி என்றதால் டிவியும் அதற்கு இறங்கிவிட்டது, எச்டிஆரும் போயிற்று. ஒரு துளைக்கு மட்டும் படத்தைச் சுருக்கித் தரும் டவுன்ஸ்கேலிங் ஸ்ப்ளிட்டர் இருந்தால் இது தீரும். ஆனால் அதற்குக் கொடுக்கும் காசை பாஸ்த்ரூ கார்டில் போடுவதே மேல்.

இன்னொரு காரணமும் உண்டு. சின்ன கார்டுகள் பல யூஎஸ்பி 2.0. சுருக்காத 1080பி 60 பிரேம் படத்துக்கு நொடிக்குச் சுமார் 250 எம்பி வேண்டும். அந்த வழியில் 60 எம்பிகூட முழுதாகப் போகாது. எனவே கார்டே படத்தை அழுத்திச் சுருக்கிவிடும். புல்வெளி, மழைக் காட்சிகளில் பதிவு கட்டம் கட்டமாகத் தெரிவது இதனால்தான்.

எதை வாங்கினாலும் பிஎஸ்5-இல் Settings, System, HDMI போய், நகலெடுப்பைத் தடுக்கும் Enable HDCP-ஐ அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓபிஎஸ்ஸில் கறுப்புத் திரைதான். அணைத்திருக்கும்போது ஓடிடி ஆப்கள் ஓடாது. படம் பார்க்கும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

பாஸ்த்ரூ கார்டு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும்: பதிவாகும் அளவு, டிவிக்குக் கடத்தும் அளவு. பதிவு 1080பி 60 என்றாலும் பரவாயில்லை. கடத்துவது 4கே 60, எச்டிஆர் என்று இருக்க வேண்டும். 120 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருந்தால் அதையும் பார்த்து வாங்குங்கள். அப்புறம், பல கார்டுகளுக்கு யூஎஸ்பி வழியாகத்தான் மின்சாரம். லேப்டாப்பை அணைத்தால் டிவியும் இருண்டுவிடும். ஸ்ட்ரீம் இல்லாத நாளில் வயரை நேராக டிவிக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.