சிங்கிள் ஆரிஜின் காபிக்கு மூணு மடங்கு காசு: ரெண்டு வருஷம் குடிச்சுப் பார்த்தப்புறம்

எங்க வீட்ல அப்பா காலத்துல இருந்து ஒரே பொடிதான், பீபெரி பாதி பிளாண்டேஷன் ஏ பாதி, 80க்கு 20 சிக்கரி, தெருமுனைல வறுத்து அரைச்சுத் தர்ற கடைல கால் கிலோ 220 ரூபா. ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல பாத்துட்டு ஆசைப்பட்டு சிங்கிள் ஆரிஜின், அதாவது பல ஊர் கொட்டையைக் கலக்காம ஒரே இடத்துல விளைஞ்சது, பாபாபுடன்கிரி பக்கத்து எஸ்டேட் ஒண்ணோட அரபிகா, லைட் ரோஸ்ட், கால் கிலோ 650 ரூபான்னு வாங்கிட்டேன். அதை அப்படியே வீட்டு பித்தளை ஃபில்டர்ல போட்டு டிகாஷன் இறக்கி பால் ஊத்திக் குடுத்தா, அம்மா ஒரு வாய் குடிச்சுட்டு "என்னடா இது, பால் திரிஞ்ச மாதிரி புளிக்குது"ன்னு டபராவை அப்படியே வச்சுட்டாங்க.

சரி வயசானவங்க, பழக்கதோஷம்னு நினைச்சேன், ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரிகிட்ட சொல்லி மூணு டம்ளர் அடில மார்க்கர்ல நம்பர் எழுத வச்சு, கடை பொடி ஒண்ணு, இந்த எஸ்டேட் பொடி ஒண்ணு, அதே எஸ்டேட்டோட டார்க் ரோஸ்ட் ஒண்ணு, எல்லாத்துக்கும் ஒரே பால் ஒரே அளவு சர்க்கரை போட்டுக் குடுக்கச் சொன்னேன். நான் நல்லா இருக்குன்னு எடுத்தது கடை பொடி. டார்க் ரோஸ்ட்டுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசமே தெரியல, சிக்கரி இல்லாததால கொஞ்சம் நீர்த்துப் போயிருந்துச்சு, அவ்ளோதான்.

காரணம் யோசிச்சா சிம்பிள்தான். அந்த மலை, அந்தச் செடி, அந்த பதப்படுத்தலோட தனி ருசி எல்லாம் மெல்லிசான புளிப்பும் வாசனையும்தான். பால்ல இருக்கற புரதமும் கொழுப்பும் அதை அமுக்கிடும், டார்க்கா வறுத்தா வறுத்த ருசியே அதை முழுங்கிடும். பால்ல போட்டா எடுத்து நிக்கறது கசப்பும் திக்கும்தான், அதுக்கு சிக்கரியும் ரொபஸ்டாவும் போதும். லைட் ரோஸ்ட் கொட்டை கெட்டியாவும் இருக்கும், நம்ம ஃபில்டர்ல சாறு முழுசா இறங்காது, அதனால புளிப்பு மட்டும் முன்னாடி வந்து நிக்கும்.

மிச்சம் இருந்த பொடியை வீணாக்க வேணாமேன்னு பிளாக்கா போட ஆரம்பிச்சேன். 15 கிராம் பொடி, 240 மில்லி தண்ணி, கொதிச்சதும் இறக்கி அரை நிமிஷம் விட்டு, பேப்பர் ஃபில்டர்ல முதல்ல பொடி நனையற அளவு ஊத்தி அரை நிமிஷம் காத்திருந்து, அப்புறம் மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா, மொத்தம் மூணு நிமிஷம். சூடா இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது, ஆறி வெதுவெதுப்பா வந்தப்ப பாருங்க, நாட்டுச் சர்க்கரை வாசனையும் பின்னாடி லேசா புளியும், நம்ம ஊர் எஸ் 795 ரகத்துக்கு இதைத்தான் சொல்லுவாங்க. வீட்டு பொடியை இதே மாதிரி போட்டா கருகின கசப்பு மட்டும்தான். அங்க அந்த 650 ரூபா நியாயம். கணக்குப் போட்டா ஒரு கப்புக்கு 40 ரூபா ஆகுது, வீட்டு காபி 10 ரூபா சொச்சம்.

எல்லா பாக்கெட்டும் அப்படி இல்லங்க. நடுவுல ஒண்ணு வாங்கினேன், சிங்கிள் ஆரிஜின்னு பெருசா எழுதி கீழ சிக்மகளூர்னு மட்டும் போட்டிருந்துச்சு, சிக்மகளூர் ஒரு மாவட்டம், அதுல எத்தனையோ தோட்டம் இருக்கு. வறுத்த தேதியும் இல்ல, பெஸ்ட் பிஃபோர் மட்டும். தண்ணி ஊத்தினா பொடி பொங்கி நுரைக்கவே இல்ல, சேறு மாதிரி கிடந்துச்சு. புதுசா வறுத்ததுன்னா காத்து வெளியேறி உப்பி வரும், அது வரலன்னா எந்த மலைல விளைஞ்சிருந்தாலும் ஒண்ணுதான். இப்ப எஸ்டேட் பேரு, பதப்படுத்தின விதம், வறுத்த தேதி மூணும் இல்லாம தொடறதில்ல. இன்னொண்ணு, பீபெரின்னா அது ஊர் இல்ல, காய்க்குள்ள ரெண்டுக்குப் பதிலா ஒரே உருண்டைக் கொட்டை இருக்கறது, அதைக் காட்டி சிங்கிள் ஆரிஜின்னு விலை ஏத்தறவங்களையும் பாத்துட்டேன்.

பாலோடயும் ஒரே ஒரு சிங்கிள் ஆரிஜின் எனக்கு செட் ஆச்சு. வயநாடு ரொபஸ்டா, நல்லா கழுவிப் பதப்படுத்தினது, மீடியம் டார்க், சிக்கரி இல்லாம. கால் கிலோ 350. டிகாஷன் திக்கா கருகருன்னு இறங்குச்சு, அம்மாவே ரெண்டாவது டம்ளர் கேட்டாங்க. ஆனா ராத்திரி குடிக்காதீங்க, அரபிகாவை விட கஃபீன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, நான் ஒரு நாள் ரெண்டு மணி வரைக்கும் ஃபேனையே பாத்துட்டுக் கிடந்தேன்.

இந்த வருஷம் அதே பாபாபுடன்கிரி எஸ்டேட் பாக்கெட்டைத் திரும்ப வாங்கினேன், அந்த வெல்ல வாசனை பாதிதான் இருக்கு, மழையோ அறுவடையோ எதுவோ மாறியிருக்கும், தோட்டம் ஒண்ணுன்னா அப்படித்தான். தெருமுனைக் கடைக்காரர் கொட்டை எங்கேருந்து வந்தாலும் கூட்டிக் குறைச்சு ருசியை மாத்தாம வச்சிருக்காரு. அதனால தினமும் காலைல அவர் பொடிதான், சனிக்கிழமை மதியம் மட்டும் பிளாக், அதுக்கு 100 கிராம் பாக்கெட்டா வாங்கிக்கறேன்.