ரிசியூம் பட்டனை நம்பலாமா? சில வருட அனுபவம்

புசல்லாவையில் படிப்பிக்கிற ஒரு டீச்சர் போன வாரம் அழைத்தார். "சேர், பாட வீடியோ ஜிப் ஒன்று முக்கால்வாசி வந்துட்டுது. கரண்ட் போய் வந்த பிறகு ரிசியூம் கொடுத்தேன். திரும்பச் சைபர்ல இருந்து தொடங்குது. நம்ம ரவுட்டர்லதான் பழுதா?"

ரவுட்டரில் ஒரு பழுதும் இல்லை. இந்தக் கேள்வியை ஹட்டன், தலவாக்கலை பக்கத்தில் பலரும் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதியே வைக்கிறேன். குரோமின் டவுன்லோட் வசதியை நான் பல வருடங்களாகச் சிம் ரவுட்டரில்தான் பயன்படுத்துகிறேன். ஜன்னல் கட்டில் ரவுட்டரை வைத்தால்தான் சிக்னல், மழை இறங்கினால் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஜிபி ஃபைலை ஒரே மூச்சில் இறக்க முடியாது. ரிசியூம் வேலை செய்தால்தான் ஃபைலே கிடைக்கும்.

முதலில் பாஸ் பட்டன். அதை அழுத்தியதும் பிரவுசர் சர்வருக்கு "நிறுத்து" என்று எதுவும் சொல்வதில்லை. வருகிற தரவை எடுத்துப் படிப்பதை மட்டும் நிறுத்திவிடுகிறது. கணினியின் நெட்வொர்க் பஃபர் நிரம்புகிறது, இனி இடமில்லை என்ற செய்தி, இணைப்பை நடத்தும் டிசிபி என்ற விதிமுறை வழியாகத் தானாகவே போகிறது, சர்வர் காத்துக்கொண்டு நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் ரிசியூம் கொடுத்தால் அதே இணைப்பில் மீதி வந்துவிடும். ஆனால் சர்வர் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? என்ஜின்எக்ஸ், அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள்கள் இரண்டிலும் யாரும் மாற்றாமல் விட்டால் அந்தக் காத்திருப்பு 60 விநாடி. அதற்கு மேல் போனால் இணைப்பை வெட்டிவிடும்.

பலர் ஏமாறுவது இங்கேதான். அரை நிமிடம் பாஸ் பண்ணிப் பார்த்து, "இந்தத் தளத்தில் ரிசியூம் நன்றாக வேலை செய்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது எதையும் நிரூபிக்காது. இணைப்பு உண்மையிலேயே அறுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் சோதனை.

அறுந்த பிறகு பிரவுசர் புதிய இணைப்பு எடுத்து, இன்ன இடத்திலிருந்து கொடு என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்கும் முறைதான் ரேஞ்ச் ரிக்வெஸ்ட். 1997இல் வந்த HTTP/1.1 விதிகளிலேயே இது உண்டு. டீச்சரின் ஃபைலையே எடுத்துக்கொள்வோம். எண்களைக் கொஞ்சம் உருட்டி எழுதுகிறேன்: மொத்தம் 120 கோடி பைட், அதாவது சுமார் 1.2 ஜிபி. வந்து சேர்ந்தது 90 கோடி. அது `.crdownload` என்ற வாலோடு டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கிறது. பிரவுசர் இப்படிக் கேட்கும்:

```
GET /paadam.zip HTTP/1.1
Range: bytes=900000000-
If-Range: "65f1a2c4-47868c00"
```

பைட்டுகளை எண்ணுவது சைபரிலிருந்து. ஆகவே 90 கோடி பைட் கையில் இருந்தால் அடுத்த பைட்டின் எண்ணும் 900000000தான். எண்ணுக்குப் பிறகு ஒரு கோடு மட்டும் போட்டு விட்டால் "கடைசி வரைக்கும்" என்று பொருள். சர்வர் ஒத்துக்கொண்டால் பதில் இது:

```
HTTP/1.1 206 Partial Content
Content-Range: bytes 900000000-1199999999/1200000000
Content-Length: 300000000
```

206 என்றால் கேட்ட துண்டு மட்டும் வருகிறது. மீதி 30 கோடி பைட்டை பிரவுசர் பழைய துண்டின் வாலில் ஒட்டிவிடும். சர்வருக்கு இந்த முறை தெரியாவிட்டால், அல்லது கொடுக்க மனமில்லாவிட்டால், `Range` வரியைப் பார்க்காததுபோல் விட்டுவிட்டு 200 என்று பதில் சொல்லி முழு ஃபைலையும் முதலிலிருந்து அனுப்பலாம். விதி அதற்கு இடம் கொடுக்கிறது. கேட்ட நேரத்தில் ஜிப்பைச் சுற்றிக் கொடுக்கும் தளங்கள் பெரும்பாலும் இந்த ரகம். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: இறங்கும்போது மொத்த அளவு காட்டாது, எத்தனை வீதம் என்றும் காட்டாது. தனக்கே அளவு தெரியாத ஃபைலின் நடுவிலிருந்து சர்வர் எப்படிக் கொடுக்கும்? அப்படிப்பட்டதை மழை நாளில் தொடங்காதீர்கள்.

டீச்சரின் ஃபைலுக்கு வீதம் ஒழுங்காகக் காட்டியது. அப்படியும் ஏன் சைபர்? கட்டளை அடித்து ஃபைல் இறக்கும் `curl` என்ற கருவியால் நான் என் விண்டோஸ் கணினியில் சோதித்தேன். பவர்ஷெல்லில் `curl` என்று மட்டும் அடித்தால் வேறு கட்டளை ஓடக்கூடும், அதனால் `.exe`யும் சேர்க்க வேண்டும்:

```
curl.exe -sL -D - -o NUL -r 0-0 "https://example.org/paadam.zip"
```

முதல் ஒரே ஒரு பைட்டைக் கேட்டு, சர்வர் சொல்லும் தலைப்பு வரிகளை மட்டும் திரையில் காட்டும். உங்கள் தளத்தின் முகவரியை மேற்கோளுக்குள் போடுங்கள். ஒரு கவனம்: 206க்குப் பதில் 200 என்று வந்தால் உடனே Ctrl+C அடியுங்கள், இல்லாவிட்டால் முழு ஃபைலும் இறங்கி டேட்டாவைத் தின்றுவிடும்.

206 வந்தது. சரி, சர்வருக்கு ரேஞ்ச் தெரிகிறது. அப்புறம் அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒரு தரம் `ETag: "65f1a2c4-47868c00"` என்று வந்தது, இன்னொரு தரம் `ETag: "65f1a2d9-47868c00"`. இரண்டும் மாறி மாறி வந்தன.

விஷயம் அங்கேதான் இருந்தது. `ETag` என்பது ஃபைலின் இந்தப் பதிப்புக்கு சர்வர் ஒட்டும் அடையாளச் சீட்டு. பிரவுசர் அதைக் குறித்து வைத்துக்கொண்டு `If-Range` வரியில் திருப்பிச் சொல்கிறது: "நான் எடுத்த ஃபைல் இன்னும் அதேதான் என்றால் மீதியைத் தா, மாறியிருந்தால் முழுசையும் தா." இந்த எச்சரிக்கை அவசியம். பாடப் புத்தகத்தின் முன்பாதி பழைய பதிப்பிலிருந்தும் பின்பாதி புதிய பதிப்பிலிருந்தும் கிழித்து ஒட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் ஃபைலுக்கும் ஆகும். ஜிப் திறக்காது. அதனால் பிரவுசர் சரியாகத்தான் கேட்கிறது. அதில் எனக்குக் குறையே இல்லை.

என்ஜின்எக்ஸ் அந்தச் சீட்டை இரண்டு எண்களால் செய்கிறது. கோட்டுக்கு முன்னால் இருப்பது ஃபைல் கடைசியாக மாறிய நேரம், பின்னால் இருப்பது அளவு. இரண்டுமே பதினாறடிமான எண்கள். `47868c00` என்பது சரியாக 120 கோடி, இரண்டு சீட்டிலும் ஒன்றே. நேரம் மட்டும் 21 விநாடி வித்தியாசம். அதாவது அந்தத் தளத்தின் பெயருக்குப் பின்னால் இரண்டு சர்வர்கள் நிற்கின்றன. அதே ஃபைலை இரண்டிலும் போட்டவர் பழைய நேரத்தைக் காப்பாற்றாமல் நகல் எடுத்திருக்கிறார். ஃபைல் ஒன்றுதான், சீட்டு இரண்டு. கரண்ட் வந்து இணைக்கும்போது மற்ற சர்வரிடம் போய் விழுந்தால், அது "உன் சீட்டு என்னுடையது இல்லை" என்று 200 சொல்லி முதலிலிருந்து அனுப்பத் தொடங்கும். குரோமும் 90 கோடி பைட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அதை வாங்கிக்கொள்ளும்.

என் கோபம் அந்தத் தூக்கி எறிவதன் மேல்தான். வருடக்கணக்காக இதைப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. முதலிலிருந்து வரப்போகிறது என்று பிரவுசருக்கு 200ஐப் பார்த்த அந்த நொடியே தெரியும். "பழையதை விட்டுவிடட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்பதில்லை. கம்பி இணைப்பு உள்ளவர்களுக்கு இது ஐந்து நிமிட விஷயம். மாதப் பக்கேஜில் ஓடுகிற வீட்டுக்கு 900 எம்பி என்பது பிள்ளையின் ஒரு வாரத்து ஆன்லைன் வகுப்பு.

டீச்சருக்கு நான் கொடுத்த வழி:

```
curl.exe -L -C - -O "https://example.org/paadam.zip"
```

`-C -` என்றால் கையில் உள்ள ஃபைலின் அளவைத் தானே பார்த்து, அங்கிருந்து கேள் என்று பொருள். லைன் அறுந்தால் அதே ஃபோல்டரில் அதே கட்டளையைத் திரும்ப ஓட்ட வேண்டியதுதான். சர்வர் ரேஞ்சைப் புறக்கணித்தால் இது பிழை எண் 33 காட்டி நின்றுவிடும், இருப்பதை அழிக்காது. நான் எதிர்பார்க்கும் நடத்தை இதுதான். இன்னொரு லாபமும் உண்டு. சில தளங்களின் லிங்க் சில மணி நேரத்தில் காலாவதியாகி 403, அதாவது அனுமதி இல்லை என்று சொல்லும். அப்போது புதிய லிங்கை எடுத்து, `-O` இருந்த இடத்தில் `-o paadam.zip` என்று பழைய பெயரையே கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆனால் இதற்கும் விலை உண்டு. இந்தக் கட்டளை `If-Range` அனுப்புவதில்லை. நடுவில் தளக்காரர் ஃபைலை மாற்றியிருந்தால் இரண்டு பதிப்பையும் சத்தமில்லாமல் ஒட்டி வைக்கும். அதனால் இறங்கி முடிந்ததும் சரிபார்க்காமல் விடக்கூடாது:

```
certutil -hashfile paadam.zip SHA256
```

இது ஃபைலுக்கே உரிய ஒரு நீண்ட எண்ணைக் காட்டும். தளத்தில் அந்த எண்ணைப் போட்டிருந்தால் ஒப்பிடுங்கள். போடாவிட்டால் ஜிப்பைத் திறந்து கடைசி வீடியோவரை ஓட்டிப் பாருங்கள். டீச்சர் இரண்டு இரவுகளில், நடுவில் லைன் பல தரம் போய் வந்தும், முழுவதையும் இறக்கிவிட்டார். எண்ணும் ஒத்து வந்தது.

அப்படியென்றால் என் தீர்ப்பு? குரோம் இதில் விதிப்படிதான் நடக்கிறது, பிழை சர்வரை நடத்துகிறவர்களுடையது. இரண்டு சர்வருக்கும் நேரத்தோடு நகல் எடுத்தாலே போதும், நகல் எடுக்கும் `rsync` கட்டளையில் `-t` என்று ஒரு எழுத்து. அதை அந்தத் தளத்துக்கு எழுதியும் அனுப்பிவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் பிரவுசருக்கு நல்ல மதிப்பெண் கொடுக்க வேண்டும். கொடுக்க மாட்டேன். 200 வந்ததும் கேட்காமல் பழையதை அழிக்கிற வரைக்கும், 300 எம்பிக்கு மேற்பட்ட எதையும் இந்தப் பக்கத்தில் குரோமில் இறக்க வேண்டாம் என்றுதான் கேட்கிற எல்லோரிடமும் சொல்வேன்.