சாட்டில் "ரத்துச் செய்தாயிற்று" என்றால் நம்பிவிடாதீர்கள்

உப்புவெளியில் நான் நடத்தும் சிறிய விடுதிக்கு அறைப் பதிவு மென்பொருள் ஒன்று எடுத்திருந்தேன். வெளிநாட்டு நிறுவனம், வருடச் சந்தா 180 டொலர், கடனட்டையில் தானாக வெட்டுப்படும். சீசன் முடிகிற நேரம், ஆகஸ்டில், இனி வேண்டாம் என்று அவர்களின் சாட்டில் சொன்னேன். "ரத்துச் செய்தாயிற்று, இனி பணம் எடுக்கப்படாது" என்று பதில் வந்தது. சாட் பெட்டியை மூடியதும் கதைத்தது எல்லாம் அதோடு போயிற்று.

அக்டோபரில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: 180 டொலர் போய்விட்டது. கேட்டால், "உங்கள் கணக்கில் தானியங்கிப் புதுப்பித்தல் இயங்கிக்கொண்டிருந்தது, பாதித் தொகையைத் திருப்பித் தரலாம்" என்கிறார்கள். என் காசில் எனக்கே கழிவு!

வங்கிக்குப் போனேன். அங்கிருந்த தங்கச்சி படிவத்தைத் தருமுன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, நீங்கள் நிறுத்தச் சொன்னதுக்கு எழுத்தில் ஏதும் இருக்கா?" ரத்துச் செய்த பிறகும் வெட்டப்பட்ட தொடர் கட்டணம் என்று வீசாவிலும் மாஸ்டர்கார்டிலும் தனியாகவே ஒரு முறைப்பாட்டு வகை உண்டு. ஆனால் பணம் வெட்டப்பட்ட நாளுக்கு முன்பே ரத்துச் செய்ததைக் காட்ட வேண்டும்.

அன்று இரவே, கணக்கைப் பதிந்திருந்த அதே மின்னஞ்சலிலிருந்து எழுதினேன். விலைப்பட்டியல் இலக்கம், தொகை, திகதி, அட்டையின் கடைசி 4 இலக்கங்கள் மட்டும் போட்டேன். முழு இலக்கத்தை எவருக்கும் எழுதக் கூடாது. பிறகு இப்படி:

"இந்தச் சந்தாவை ரத்துச் செய்யவும். என் அட்டையில் பணம் எடுக்க நான் தந்த அனுமதியை மீளப் பெறுகிறேன். 180 டொலரையும் முழுமையாகத் திருப்பித் தரவும். ஆகஸ்டில் நான் உங்களோடு நடத்திய சாட்டின் பிரதியை அனுப்பவும். எந்தத் திகதியிலிருந்து ரத்து என்பதை எழுத்தில் உறுதி செய்யவும்."

உடனே வந்தது முறைப்பாட்டு இலக்கத்தோடு ஒரு தானியங்கிப் பதில். கடிதம் கிடைத்தது என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. அதனால் அதே மின்னஞ்சல் தொடரில் மறுபடி கேட்டேன். அப்புறம் ஒருவர், பாதித் தொகைக்கு என்னைச் சம்மதிக்க வைக்கும் அவசரத்தில், "ஆகஸ்டில் நீங்கள் ரத்துக் கேட்டது எங்கள் பதிவில் உள்ளது, ஆனால் தானியங்கிப் புதுப்பித்தலை நீங்களே அணைத்திருக்க வேண்டும்" என்று எழுதிவிட்டார். அந்த ஒரு வரியைத்தான் வங்கிப் படிவத்தோடு இணைத்தேன். பாதித் தொகைக்குச் சம்மதித்திருந்தால் விவகாரம் தீர்ந்துவிட்டதாகவே எடுத்திருப்பார்கள்.

அட்டையை மாற்றினால் போதும் என்று சிலர் சொன்னார்கள். போதாது. தொடர் கட்டணம் எடுக்கும் நிறுவனங்களுக்குப் புதிய அட்டை இலக்கத்தைத் தானாகவே தெரிவிக்கும் சேவை வீசா, மாஸ்டர்கார்ட் போன்ற அட்டை வலையமைப்புகளில் இருக்கிறது. முறைப்பாட்டையும் தள்ளிப்போட வேண்டாம். முறைப்பாட்டுக்கு வலையமைப்பு தரும் காலக்கெடு பொதுவாக 120 நாள் என்றாலும், வங்கி உங்களுக்குத் தருவது அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

எனக்கு 180 டொலரும் திரும்பி வந்தது. ஆனால் அன்றைய மாற்று விகிதத்தில் ரூபாவாக வந்ததால் கொஞ்சம் குறைந்தது, வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு வங்கி எடுத்த கட்டணமும் வரவில்லை. அதற்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன்.